சென்ட், கிரவுண்டு, ஏக்கர்: மனை விலையைச் சதுர அடியில் ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சென்ட், ஒரு கிரவுண்டு, ஒரு ஏக்கர் ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி?

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு ஏக்கர் 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. தமிழ்நாட்டில் மனை பார்க்கும் ஒருவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியவை 435.6, 2,400 என்ற இரண்டு எண்கள்தான். மற்றதை இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கிரவுண்டு சென்னையிலும் அதைச் சுற்றியும் புழங்கும் அளவு. கோவை, மதுரை, நெல்லைப் பக்கம் போனால் சென்ட்டில்தான் பேச்சு. ஒரு கிரவுண்டு ஐந்தரை சென்ட் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். சரியாகப் போட்டால் 5.51 வரும். ஐந்தரை சென்ட் என்பது 2,395.8 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்கு நாலு சதுர அடிதான் குறைவு. பேச்சுக்கு அது போதும். பத்திரத்தில் எழுதும்போது மட்டும் சதுர அடியையே எழுதச் சொல்லுங்கள். ஒரு ஏக்கருக்கு எத்தனை கிரவுண்டு என்று யாராவது கேட்டால் 18.15 என்று சொல்லலாம், ஆனால் அந்தக் கணக்கு யாருக்கும் பெரிதாகப் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒருத்தர் 435ன்னு சொல்றார், இன்னொருத்தர் 436ங்கிறார். இந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது?

சங்கிலியிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் காலத்து நில அளவைக்குப் பயன்பட்டது 66 அடி நீளமுள்ள கன்டர் சங்கிலி. அதில் 100 கண்ணிகள் இருக்கும். கண்ணியை லிங்க் என்பார்கள். ஆகவே ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தது ஒரு ஏக்கர். 66 அடி அகலமும் 660 அடி நீளமும் உள்ள நிலத்தைப் பெருக்கினால் 43,560 வரும். அதை நூறால் வகுத்தால் 435.6.

இதனால் ஒரு குறுக்கு வழியும் கிடைக்கிறது. பழைய புலப்படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கிலேயே பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நேரே சென்ட் வந்துவிடும். 60 லிங்க்குக்கு 100 லிங்க் என்றால் 6,000 சதுர லிங்க், ஆக 6 சென்ட். பழைய சர்வேயர்கள் காகிதம் பேனா இல்லாமலே சென்ட் சொல்வது இப்படித்தான்.

435, 436 விஷயத்துக்கு வருவோம். ஐந்தாறு சென்ட் மனையில் வித்தியாசம் மூன்று சதுர அடிதான் வரும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஏக்கர் கணக்கில் வாங்கினால் 435 போடுகிறவர் கணக்கில் 60 சதுர அடி குறையும், 436 போடுகிறவர் கணக்கில் 40 சதுர அடி கூடும். கால்குலேட்டர் கையில் இருக்கும்போது புள்ளி ஆறை விடுவதற்குக் காரணமே இல்லை.

மூணு மனை பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 6 சென்ட், சென்ட் எட்டரை லட்சம். ஒண்ணு ஒரு கிரவுண்டு, மொத்தம் 46 லட்சத்து 80 ஆயிரம். மூணாவது டிடிசிபி லேஅவுட்ல 30க்கு 50, சதுர அடி 2,050. எது மலிவு?

முதலில் மூன்றையும் சதுர அடி விலைக்குக் கொண்டுவருவோம்.

சென்ட் மனையில் எட்டரை லட்சத்தை 435.6ஆல் வகுத்தால் சதுர அடி ரூ.1,951. மொத்தப் பரப்பு 2,613.6 சதுர அடி, மொத்த விலை 51 லட்சம். கிரவுண்டு மனையில் 46,80,000ஐ 2,400ஆல் வகுத்தால் ரூ.1,950. லேஅவுட் மனை 1,500 சதுர அடி, மொத்தம் 30 லட்சத்து 75 ஆயிரம், சதுர அடி ரூ.2,050.

இதோடு நிறுத்தினால் முதல் இரண்டும் ஒரே விலை, மூன்றாவது சதுர அடிக்கு நூறு ரூபாய் அதிகம் என்று தோன்றும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் இதுவரை நாம் மாற்றியது அலகை மட்டும்தான். அந்தச் சதுர அடிக்குள் எது அடங்கியிருக்கிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை. மனை வாங்கும்போது பணம் போவது வகுத்தல் பிழையால் அல்ல, இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான்.

சென்ட் மனையை எடுத்துக்கொள்வோம். அளவு 60க்கு 100 லிங்க் என்றால் முன்பக்கம் 39.6 அடி, ஆழம் 66 அடி. முன்னால் 20 அடிப் பாதை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லேஅவுட் அனுமதி வாங்காமல் தோட்டத்தைப் பிரித்து சென்ட் கணக்கில் விற்கும் இடங்களில் பாதையின் நடுக்கோடு வரைக்கும் அளந்து சென்ட் சொல்லும் பழக்கம் உண்டு. எதிர்ப்பக்கத்து மனைக்காரர் மீதிப் பாதியைத் தன் அளவில் சேர்த்திருப்பார். அப்படியானால் உங்கள் ஆறு சென்ட்டில் முன்பக்கம் 10 அடி பாதைக்குள் கிடக்கிறது. 39.6ஐப் பத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. வேலி போட்டு நீங்கள் அனுபவிக்கப்போவது 2,217.6 சதுர அடி, அதாவது 5.09 சென்ட். 51 லட்சத்தை இந்தப் பரப்பால் வகுத்தால் சதுர அடி ரூ.2,300 வருகிறது.

லேஅவுட் மனையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சாலைகளையும் பூங்கா இடத்தையும் தனியாகப் பிரித்து உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மனைகளுக்கு எண் போட்டிருப்பார்கள். 30க்கு 50 என்றால் அந்த 1,500 சதுர அடியும் மனைக்குள்ளேயே இருக்கும். மூலை மனையாக இருந்தால் மட்டும் வரைபடத்தைக் கூர்ந்து பாருங்கள். வண்டி திரும்புவதற்காக மூலையைச் சரிவாக வெட்டியிருப்பார்கள், ஸ்பிளே என்பார்கள். இரண்டு பக்கமும் 10 அடி எடுத்து வெட்டியிருந்தால் 50 சதுர அடி குறையும். வரைபடத்தில் அந்த மனைக்குப் போட்டிருக்கும் பரப்பு அதைக் கழித்த பரப்பா என்று கேட்டுவிட வேண்டும்.

ஆக, நூறு ரூபாய் அதிகம் என்று நினைத்த லேஅவுட் மனை, சென்ட் மனையைவிட உண்மையில் 250 ரூபாய் குறைவு. கிரவுண்டு மனைக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, அது மூலைவிட்டக் கேள்வியில் வரும்.

பாதையையும் சேர்த்து அளந்திருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுத்து நான்கு எல்லைகளைப் படியுங்கள். "தெற்கில் 20 அடி அகலப் பொதுப்பாதை" என்று இருந்தால் பாதை உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எல்லையில் பாதையே வராமல், எதிர்மனைக்காரர் பெயரோ மனை எண்ணோ நேரடியாக எல்லையாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். நடுவில் கண்ணுக்குத் தெரியும் பாதை இருந்தும் காகிதத்தில் இரண்டு மனையும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பாதை இரண்டு பேர் நிலத்திலும் பாதி பாதியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். "இதில் தென்புறம் 10 அடி பாதைக்கு விட்டது போக" என்பது போன்ற வாசகம் விவரத்தின் கடைசியில் ஒளிந்திருப்பதும் உண்டு.

அடுத்து டேப்பை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போக வேண்டும். பத்திரத்தில் கிழமேல் இத்தனை ஜாதியடி, தென்வடல் இத்தனை ஜாதியடி என்று எழுதியிருப்பார்கள். பின்பக்கத்து எல்லைக்கல்லிலிருந்து பாதையை நோக்கி அளந்து வாருங்கள். 66 அடி என்று எழுதிய ஆழம் முன்பக்கக் கல்லைத் தொடும்போது 56 அடிதான் வருகிறது என்றால் மீதி பாதைக்குள் இருக்கிறது. இதைப் புரோக்கர் இருக்கும்போதே செய்வது நல்லது, அப்போதே பதில் கேட்டுவிடலாம்.

பாதை உள்ளே இருப்பதால் அந்த மனையை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை பேசும்போது பாதைக்கும் சேர்த்து மனை விலை கொடுக்காதீர்கள். ஆனால் அனுமதி விஷயம் வேறு. 2016 அக்டோபர் 20க்குப் பிறகு அனுமதியில்லாமல் முதன்முறையாகப் பிரித்து விற்கப்படும் மனை என்றால், பத்திரம் பதிவாவதே சிக்கல். அதற்கு முன்பே மனையாகப் பதிவானது என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத மனையின் சதுர அடி விலையை, அனுமதி பெற்ற மனையின் விலையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தவறு.

பட்டாவுல பரப்பு 0 - 02.43ன்னு போட்டிருக்கு. இது சென்ட்டா?

இல்லை. பட்டாவிலும் சிட்டாவிலும் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். நீங்கள் சொல்வது பூஜ்ஜியம் ஹெக்டேர், 2.43 ஏர்.

ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. அதனால் ஒரு ஏர் 1,076.4 சதுர அடி, சென்ட்டில் 2.47. உங்கள் 2.43 ஏர் என்பது 243 சதுர மீட்டர், சதுர அடியில் 2,615.65, சென்ட்டில் கிட்டத்தட்ட சரியாக ஆறு. 100 ஏர் ஒரு ஹெக்டேர், அது 2.47 ஏக்கர்.

இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கும். ஏரைச் சென்ட் என்று படித்துவிட்டு "ஆறு சென்ட்னு சொன்னீங்க, பட்டாவுல ரெண்டரைகூட இல்லையே" என்று பதறுவது ஒரு வகை. இன்னொன்று நடுவில் உள்ள கோட்டைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, 02இல் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு 0.243 ஹெக்டேர் என்று படிப்பது. அப்படிப் படித்தால் 60 சென்ட் வந்து நிற்கும். பட்டாவைப் பார்த்தவுடன் மனதுக்குள் இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். புரோக்கர் சொன்ன சென்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் சரியாகப் படிக்கிறீர்கள் என்று பொருள். அதன் பிறகு கால்குலேட்டரில் 10.764ஐ வைத்துத் துல்லியமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பத்திரத்துல 6 சென்ட், பட்டாவுல 0 - 02.20. எதை வச்சுப் பணம் கொடுக்கிறது?

இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று தெரியும். பத்திரப்படி 2,613.6 சதுர அடி. பட்டாப்படி 220 சதுர மீட்டர், அதாவது 2,368 சதுர அடி, 5.44 சென்ட். இடைவெளி 245 சதுர அடிக்கு மேல். சென்ட் எட்டரை லட்சம் என்றால் அதன் மதிப்பு 4 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய். ஒரு ஏருக்கும் சென்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பத்திரத்தையும் பட்டாவையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது.

இவ்வளவு வித்தியாசத்தைத் தசமத்தை முழு எண்ணாக்கியதால் வந்தது என்று சொல்ல முடியாது. காரணம் வேறு எங்கோ இருக்கும். முன்பு ஒரு பகுதியைச் சாலைக்கு எடுத்திருக்கலாம். உட்பிரிவு செய்தபோது சர்வேயர் தரையில் அளந்தது அவ்வளவுதான் என்றிருக்கலாம். பக்கத்து மனைக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கலாம். இல்லையென்றால் முதல் பத்திரம் எழுதியபோதே ஊகமாக ஆறு சென்ட் என்று எழுதிவிட்டு, பிறகு வந்த பத்திரங்களில் அதையே பார்த்து எழுதி வந்திருக்கலாம்.

முதலில் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தை வருவாய்த்துறை இணையதளத்தில் எடுங்கள். முகவரி eservices.tn.gov.in. அதில் ஒவ்வொரு கோட்டின் நீளமும் மீட்டரில் இருக்கும், 3.281ஆல் பெருக்கினால் அடி. அந்த நீளங்களோடு தரையில் அளந்ததை ஒப்பிட்டால் எந்தப் பக்கத்தில் குறைகிறது என்று தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால், உரிமையாளர் பெயரில் கட்டணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். நியாயமாக விற்கிறவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாதீர்கள். சதுர அடி ஒன்றுக்கு இன்ன விலை, சர்வேயர் அளந்து வரும் பரப்புக்கே பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கு எல்லைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளுக்குத்தான் முதலிடம் கொடுக்கின்றன. ஆறு சென்ட் என்று பத்திரத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லைக்குள் இல்லாத நிலம் முளைத்து வந்துவிடாது.

நாலு பக்கமும் 40, 60, 40, 60 அடி சரியா இருக்கு. அப்போ ஒரு கிரவுண்டுதானே?

மூலைகள் நேராக இருந்தால் ஒரு கிரவுண்டுதான். பக்கங்களை மட்டும் அளந்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு தீப்பெட்டியின் மேலுறையை விரலால் அழுத்திச் சாய்த்துப் பாருங்கள். நான்கு பக்க நீளமும் மாறாது, உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். மனையும் அப்படித்தான்.

அதனால் மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. 40க்கு 60 நேரான மனையில் மூலைவிட்டம் 72 அடி ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது கேள்வியில் வந்த கிரவுண்டு மனையில் ஒரு மூலைவிட்டம் 66 அடிதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மனை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பரப்பு எவ்வளவு என்று பார்க்க, மூலைவிட்டத்தால் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பக்கங்களும் 40, 60, 66. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 83. அந்த 83இலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 43, 23, 17. இந்த நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டரைக் கிடைமட்டமாகத் திருப்பினால் வர்க்கமூலப் பொத்தான் வரும்.

```
√(83 × 43 × 23 × 17) = 1181.3
1181.3 × 2 = 2362.6
```

ஒரு கிரவுண்டுக்கு 37 சதுர அடி குறைகிறது. 46,80,000ஐ 2,362.6ஆல் வகுத்தால் சதுர அடி ரூ.1,981. இதையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று மனைகளின் வரிசை இப்படி நிற்கிறது: கிரவுண்டு மனை 1,981, லேஅவுட் மனை 2,050, சென்ட் மனை 2,300. வாயால் சொன்ன விலையில் 1,950, 2,050, 1,951 என்று இருந்தவைதான் இவை.

எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இல்லாத மனையில் புரோக்கர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கூட்டிப் பாதி, இரண்டு பக்கவாட்டையும் கூட்டிப் பாதி, இரண்டையும் பெருக்கினால் பரப்பு. பழைய கணக்கப்பிள்ளை வழி இது. நேரான செவ்வகத்தில் இது சரியான விடை தரும். மற்ற எல்லா வடிவத்திலும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்கிறவருக்கு இந்த வழி ஏன் பிடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கோணலான மனை என்றால் நான்கு பக்கம், ஒரு மூலைவிட்டம் என ஐந்து அளவு எடுத்து இரண்டு முக்கோணமாகப் போடுவதுதான் நம்பகமானது.

39.6 அடின்னா 39 அடி 6 அங்குலமா?

இல்லை, 39 அடி 7 அங்குலத்துக்குச் சற்று மேல். அடிக்கு 12 அங்குலம் என்பதால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 12ஆல் பெருக்க வேண்டும்: 0.6 × 12 = 7.2. அதேபோல 39 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 39.5 என்று போட வேண்டும். பத்திரத்தில் "39.6" என்று மட்டும் எழுதியிருந்தால் எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்று கேட்டே ஆக வேண்டும். சில ஆவண எழுத்தர்கள் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் புள்ளி வைப்பது வழக்கம்.

ஊருக்கு வெளியே ஏக்கர் ஒன்றரைக் கோடி. சதுர அடிக்கு 344 ரூபாய்தான் வருது. பக்கத்து லேஅவுட்ல 900 விக்குது. ஏக்கரா வாங்கிப் பிரிச்சா லாபம்தானே?

வகுத்தல் சரி, 344தான் வரும். ஆனால் இவை இரண்டும் ஒரே சதுர அடி அல்ல. 900 ரூபாய் என்பது சாலையும் பூங்காவும் போக மிஞ்சிய, அனுமதி பெற்ற மனையின் விலை. 344 என்பது வரப்பு, வாய்க்கால் எல்லாம் சேர்ந்த மொத்த நிலத்தின் விலை.

ஒரு ஏக்கரைப் பிரித்தால் சாலை, பொது ஒதுக்கீடு எல்லாம் போக நூற்றுக்கு அறுபது பங்கு மனையாகத் தேறுகிறது என்று வைத்துப் பாருங்கள். நிலத்தின் வடிவத்தையும் சாலை அகலத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். குறுகலான நீள நிலத்தில் அறுபதுகூட வராது. 43,560இல் அறுபது பங்கு 26,136 சதுர அடி. ஒன்றரைக் கோடியை இதால் வகுத்தால் மனையின் அடக்கவிலை சதுர அடி 574 ஆகிவிடுகிறது. இன்னும் சாலை போடவில்லை, கட்டணம் கட்டவில்லை, பத்திரச் செலவு சேரவில்லை, விற்று முடியும்வரை முதலுக்கு வட்டியும் சேர்க்கவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஏக்கராக வாங்கி "ஆளுக்கு 20 சென்ட்" என்று காகிதத்தில் பிரித்துக்கொள்பவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும். பின்பக்கத்து 20 சென்ட்காரருக்குப் பாதை யார் நிலத்தில் போகும் என்பது முதல் நாளே பேசப்பட வேண்டிய விஷயம்.

பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பு சதுர மீட்டர்ல இருக்கே?

10.764ஆல் வகுத்தால் சதுர அடி மதிப்பு வந்துவிடும். சதுர மீட்டருக்கு ரூ.12,917 என்றால் சதுர அடிக்கு ரூ.1,200. விவசாய நிலம் என்று வகைப்படுத்திய சர்வே எண்ணுக்கு ஏக்கர் அல்லது ஹெக்டேர் கணக்கில் மதிப்பு இருக்கும். நீங்கள் மனை என்று வாங்கும் இடத்துக்கு tnreginet.gov.in தளத்தில் ஏக்கர் மதிப்பு காட்டினால், அரசின் பார்வையில் அது இன்னும் மனை ஆகவில்லை என்பதற்கான அறிகுறி. அந்த இடத்தைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் மா, குழின்னு சொல்றாங்க. புதுச்சேரியிலயும் குழிதான். ரெண்டும் ஒண்ணா?

ஒன்றல்ல. குழி என்பது அளக்கும் கோலின் நீளத்தைப் பொறுத்தது. காவிரிப் படுகையில் 12 அடிக் கோல், அதனால் ஒரு குழி 12க்கு 12, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அது 14,400 சதுர அடி, 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, 6.61 ஏக்கர். புதுச்சேரிப் பக்கம் 24 அடிக் கோல், ஒரு குழி 576 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. ஆக, அங்கே ஒரு குழி என்பது தஞ்சாவூரில் நான்கு குழி.

கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் குழிக்கணக்கில் விலை சொன்னால் "உங்க ஊர்ல குழி எத்தனைக்கு எத்தனை அடி?" என்று கேட்டுவிட்டுத்தான் கால்குலேட்டரைத் தொட வேண்டும். பதில் வந்த பிறகும் பட்டாவின் ஏர் கணக்கோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். 144 கணக்கில் ஒரு மா நிலம் என்றால் பட்டாவில் 0 - 13.40 பக்கத்தில் இருக்கும். அப்படி வராவிட்டால் கோல் வேறு, இல்லையென்றால் நிலம் வேறு.